தஞ்சை, கும்பகோணம், பிச்சாவரம்: பத்துப் பேருக்கான மூன்று நாள் திட்டம்

நண்பர்களே,

குழுவில் “எங்கே போனாலும் சரி” என்று சொல்லிவிட்டு, தனியாக ஆளுக்கொரு நிபந்தனை அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை வைத்துப் போட்ட திட்டம் இது. ஒரு நாளைக்கு ஒன்றுதான் பத்துப் பேருக்கும் பொது. மற்ற நேரத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். வராதவரைக் கேலி செய்யவும் வேண்டாம்.

பணம்: பொதுச் செலவுக்குத் தலைக்கு 2,500 ரூபாய். வேன், சனிக்கிழமைச் சாப்பாடு, படகு மட்டும் இதில் அடங்கும். ரயிலும் அறையும் அவரவர் வசதிப்படி. விடுதி ஒன்றுதான்: ஏ.சி. இருவர் அறையில் இரவுக்குத் தலைக்கு 1,250, மூவர் அறையில் 450. தரைத்தள அறை முரளியின் மூட்டுவலிக்கு.

வியாழன் இரவு: எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ்.

வெள்ளி: விடியலில் தஞ்சாவூர். குளித்து, சிற்றுண்டி முடித்து நேரே பெரிய கோயில் (பொது). வெயில் ஏறினால் அந்தக் கல்தரையில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. பிறகு அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். அலுத்தவர்கள் வேனில் தூங்கலாம். மதியம் கும்பகோணம். மாலையில் விரும்புவோர் மட்டும் தாராசுரம்.

சனி: இங்கேதான் பிரிகிறோம். காலை 6 மணிக்கு வேன் கங்கைகொண்ட சோழபுரம் போகும். தஞ்சையில் நேராக ஏறும் கோயில் விமானத்தை முந்தின நாள் பார்த்த கண்ணோடு இங்கே அது உள்வாங்கி வளைவதைப் பார்க்க வேண்டும். ராஜேந்திர சோழன் தந்தையின் தஞ்சைக் கோயிலைவிட உயரத்தைக் குறைத்தே கட்டினான். வடக்கு வாயிலருகே, சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் தூக்கத்தைத் தியாகம் செய்யத் தகுந்த இடம் இது ஒன்றுதான்.

கோயில் போதும் என்பவர்கள் 9 மணிக்கு மேல் டவுன் பஸ்ஸில் சுவாமிமலைக்குப் போய், மெழுகில் உருவம் செய்து சிலை வார்க்கும் பட்டறையைப் பார்க்கலாம். சில ரூபாய்தான் செலவு. மூன்றாவது கோஷ்டி தூங்கும். செல்வி, உன் பெயரை அதில் எழுதிவிட்டேன்.

மதியம் 1 மணிக்கு எல்லோரும் வாழையிலைச் சாப்பாடு (பொது, சைவம்). அசைவம் தேடுவோருக்கு இரவு இருக்கிறது. மாலை முழுவதும் ஓய்வு; பாத்திரக்கடைக்குப் போகிறவர்கள் சுமையையும் தாங்களே தூக்க வேண்டும்.

ஞாயிறு: 7 மணிக்கு அறையைக் காலி செய்கிறோம். தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. நடக்க முடியாதவர்கள் கடற்கரையில் உட்காரலாம். பிற்பகல் பிச்சாவரத்தில் துடுப்புப் படகு (பொது). இருட்டியதும் சிதம்பரம்: கோயிலுக்குப் போவோர் போகலாம், மற்றவர்கள் சாப்பிடலாம். இரவு அங்கேயே ரயில் ஏறுகிறோம்.

ஏ.சி. அறையா, மூவர் அறையா, சனிக்கிழமை 6 மணி வேனுக்கு யார் யார் என்பதைத் திங்கள் இரவுக்குள் சொல்லுங்கள். பதில் வராதவர்களுக்கு மூவர் அறை.