மீனாட்சி, 3 வயது

அப்பத்தாவின் அறையில், முருகன் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், அந்த போட்டோ நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் நாற்காலியில் பூட்டன். பக்கத்தில் பூட்டி. இருவருக்கும் இடையில் பாவாடை சட்டையோடு ஒரு குழந்தை, பூட்டனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் குழந்தைதான் அப்பத்தா. வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வோம். அப்பத்தாவும் அப்படித்தான் சொல்லும்.

சென்னையில் ஒரு ஆவண நூலகத்தில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்வது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்கள் வீட்டுப் பழசைக் காப்பாற்றுகிறோம், நம் வீட்டுப் படம் சுவரில் வெளுத்துக்கொண்டிருக்கிறதே என்று ரொம்ப நாளாக உறுத்தல். போன மாசி மாதம் நாலு நாள் லீவு போட்டு, சின்ன ஸ்கேனர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் கல்லலுக்குப் பக்கம்.

சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தபோது அப்பத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. "பார்த்து தாயி, கிழிஞ்சிறப் போகுது."

அது சாதாரண போட்டோத் தாள் இல்லை. பின்பக்கம் தபால் அட்டை மாதிரி நடுவில் கோடு போட்டு, தபால்தலை ஒட்ட ஒரு கட்டமும் அச்சாகியிருந்தது. அந்தக் காலத்தில் இந்த மாதிரி அட்டையிலேயே படத்தைக் கழுவிக் கொடுப்பார்கள். அப்படியே தபாலில் சேர்க்கலாம். இதை யாரும் அனுப்பவில்லை. பென்சிலில் ஒரே ஒரு வரி: 'மீனாட்சி, 3 வயது.' அதில் வருகிற 'னா' சுழித்து எழுதிய பழைய 'னா'. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்பதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்பத்தா இன்றைக்கும் பால் கணக்கு நோட்டில் தன் பெயரை அப்படித்தான் எழுதுகிறது.

கீழ் ஓரத்தில் ரப்பர் முத்திரை ஒன்று பாதி அழிந்து கிடந்தது. வட்டம் வட்டமாக, ஜிலேபி பிழிந்த மாதிரி. ஸ்டுடியோக்காரர் அழகுக்குப் போட்ட பார்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் செய்து லேப்டாப்பில் திறந்தேன். இப்படி மஞ்சள் பூத்து வெளுத்த படங்களுக்கு நாங்கள் செய்கிற முதல் வேலை, வண்ணங்களைப் பிரித்து நீலத்தை மட்டும் தனியாகப் பார்ப்பது. மஞ்சளாகத் தேய்ந்துபோன இடமெல்லாம் நீலத்தில் கறுத்துத் தெரியும். கண்ணுக்கு வெறும் தாளாகத் தெரிந்த மூலையில், தண்ணீருக்கடியிலிருந்து மேலே வருவது போல ஒரு சுவர் வந்தது. அதில் கோணல் கோணலாகப் பின்னல். பெரிதாக்கிப் பார்த்தேன். மண் சுவர் இல்லை, காரைச் சுவரும் இல்லை. மூங்கிலைப் பிளந்து பாய் மாதிரி முடைந்த தட்டி. அதற்குக் கீழே மரத்தூண்கள், அப்புறம் நாலு மரப்படி. வீடே தரையைவிட்டு ஓராள் உயரத்துக்குத் தூக்கி நின்றது.

"அப்பத்தா, இது நம்ம வீட்டு முன்னாடி எடுத்ததுதானே?"

"ஆமா. ஐயா பர்மாவுலருந்து வந்தப்புறம் எடுத்ததுன்னு ஆத்தா சொல்லும்."

"திண்ணை எங்க?"

அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தது. பதில் சொல்லவில்லை.

பூட்டன் பர்மாவில் இருந்தது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் வேலை. சண்டை வந்ததும் மற்ற லட்சக்கணக்கான பேரோடு மலைக்காட்டு வழியில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். பூட்டி கடைசிவரைக்கும் ஊரில்தான் இருந்தது என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே வரும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் ஆம்பளை மட்டும்தான் கப்பலேறிப் போனான், அதனால் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

நான் பூட்டனின் இடுப்பைப் பெரிதாக்கினேன். மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கீழே கட்டம் போட்ட கைலி. போட்டோ எடுக்கிற நாளில், அதுவும் கோட்டுப் போட்ட மனுஷன், இந்த ஊரில் கைலியோடு நாற்காலியில் உட்காருவாரா? வேட்டிதானே கட்டியிருப்பார்? நம் ஆட்கள் கைலியை ஒரு பக்கமாக மடித்துச் செருகுவார்கள். இவர் கோட்டின் கடைசிப் பொத்தானுக்குக் கீழே, தொப்புளுக்கு நேராக, துணியை முறுக்கி ஒரு முடிச்சாக விட்டிருந்தார். அது பர்மியக் கட்டு. அங்கே கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்கூட ஆண்கள் அப்படிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

முத்திரையின் நினைவு வந்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஜிலேபி ஜிலேபியாக இருந்தது பார்டர் இல்லை, எழுத்து. பர்மிய எழுத்து.

"அப்பத்தா, நீ எந்த வருஷம் பிறந்தே?"

"தாரண வருஷம் ஐப்பசி. ஜாதகம் பெட்டியில கெடக்கு."

தாரண ஐப்பசி என்றால் 1944 கடைசி. இந்தக் குழந்தை அப்பத்தா என்றால் படம் எடுத்தது 1947 வாக்கில். ஆனால் ஊருக்கு வந்த பூட்டன் மறுபடி கடல் தாண்டவே இல்லை. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஜப்பான்காரன் ஊருக்குள் வந்தது 1942 மார்ச்சில். பூட்டி, பஃப் கை வைத்த ரவிக்கையில், இருபதைத் தாண்டாத முகத்தோடு அந்த மரப்படிக்கு முன்னால் நிற்க வேண்டுமென்றால், அது 1941-க்குள்தான் நடந்திருக்க வேண்டும். அப்பத்தா அப்போது பிறக்கவே இல்லை.

கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எண்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷியிடம், உன் குழந்தை முகம் என்று இத்தனை நாள் நீ பார்த்தது உன் முகம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பேச்சை வளர்த்தாமல் குழந்தையின் முகத்தைச் சரிசெய்யப் போனேன். இரண்டு கன்னத்திலும் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டால் முகம் துலங்கும்.

பெரிதாக்கியதும் கை நின்றுவிட்டது. பூஞ்சை கண்ட இடத்தில் பரவும், விளிம்பு நூல் நூலாக ஓடும். இது இரண்டு கன்னத்திலும் ஒரே அளவில், ஒரே இடத்தில், வட்டமாக இருந்தது. உற்றுப் பார்த்தால் விரலால் இழுத்த வரிகூடத் தெரிந்தது. நாங்கள் ஸ்கேன் செய்த பழைய பர்மாப் பயணக் கட்டுரைகளில் இதே கன்னங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தனக்கா. மரப்பட்டையைத் தண்ணீர் தெளித்துக் கல்லில் அரைத்து, வெயிலுக்குக் குளிர்ச்சியாகப் பூசுவது. படம் எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ அந்தப் பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துப் பூசிவிட்டிருக்கிறார்கள்.

"என்ன அது, சந்தனமா?" அப்பத்தா திரைக்கு வெகு கிட்டத்தில் வந்திருந்தது.

"சந்தனம் மாதிரி. அந்த ஊர்ல பூசுவாங்க."

"எந்த ஊர்ல?"

சொன்னேன். படி, தட்டி, கைலி முடிச்சு, முத்திரை, வருஷம், ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அப்பத்தா குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்ட பிறகும் அதன் கண் அந்த இரண்டு கன்னத்தை விட்டு நகரவில்லை.

அப்புறம் எழுந்து உள்ளே போய், பரணுக்குக் கீழே இருந்த ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக் கன்னியின் பெட்டி. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கம் பல வீட்டில் உண்டு. வருஷா வருஷம் புதுத் துணி எடுத்துப் படைத்துப் பெட்டிக்குள் வைப்பார்கள், பழசை யாராவது பிள்ளைக்குக் கொடுப்பார்கள். எங்கள் கன்னிக்குப் பெயர் கிடையாது. எந்தத் தலைமுறை என்று கேட்டால், "எல்லாம் அந்தக் காலத்துல" என்பதோடு முடிந்துவிடும்.

அப்பத்தா பெட்டியைத் திறக்கவில்லை. மேலே கையை வைத்துக்கொண்டே பேசியது.

"எல்லா வீட்லயும் தைப்பொங்கலை ஒட்டிக் கும்புடுவாக. நம்ம வீட்ல மட்டும் பங்குனியில. ஏன்னு ஆத்தாகிட்ட கேட்டேன். அவளுக்கு அதுதான் நாள்னு சொல்லுச்சு."

பங்குனி என்றால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. அந்த மலைக்காட்டில் காலராவிலும் காய்ச்சலிலும் ஜனங்கள் விழுந்த மாதம். நான் வாயைத் திறக்கவில்லை.

"சொம்புல தேங்கா வச்சு முகம் செய்வோம்ல? எல்லாரும் நெத்தியில பொட்டு வைப்பாக. ஆத்தா ரெண்டு கன்னத்துலயும் வட்டமா சந்தனம் வைக்கும். நல்லா அப்பி, வெரலால இழுத்து விடும். நான் ஒரு வருஷம் மறந்துட்டு நெத்தியில வச்சுட்டேன். ஆத்தா என் கையைப் புடிச்சுத் தள்ளிவிட்டுட்டு, அழிச்சு, தானே வச்சுச்சு. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. சாமி குத்தம்னு நெனச்சு ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன்."

வாசலில் பால்காரர் மணியடித்தார். இருவரும் எழுந்து போகவில்லை.

"அப்ப மீனாட்சிங்கறது இவ பேரு" என்றது அப்பத்தா. கொஞ்சம் பொறுத்து, "ஆத்தா என்னை மீனாட்சின்னு ஒரு நாளும் கூப்புட்டதில்ல தாயி. பாப்பா, பாப்பான்னுதான். சாகுற வரைக்கும் பாப்பாதான்."

என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா அழவில்லை. படத்தை மறுபடி முழுசாகக் காட்டச் சொன்னது. முழங்காலைப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன விரல்களைப் பெரிதாக்கச் சொன்னது. பூட்டியின் முகத்தைக் காட்டச் சொன்னது. பூட்டி கேமராவைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தோம். கண் லேசாகக் கீழே, பிள்ளையின் உச்சந்தலைப் பக்கம் இறங்கியிருந்தது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து போன வருஷத்துப் பாவாடையை எடுத்து மடியில் விரித்தது. பச்சைப் பட்டு, அரக்குக் கரை. அதை லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. பிறகு அசல் போட்டோவைக் கையில் எடுத்து, பூட்டனின் முழங்கால் எங்கே இருக்கிறது, பிள்ளையின் இடுப்பு எங்கே வருகிறது என்று விரலால் ஜாண் போட்டது. தன் முழங்காலில் கை வைத்துத் தரைவரைக்கும் அளந்தது. பாவாடையை அதோடு வைத்துப் பார்த்தது.

"ஆத்தா போனப்புறம் நானாத்தான் கணக்குப் பண்ணி எடுத்துக்கிட்டிருந்தேன். கடைக்காரன் அஞ்சு வயசு அளவு தருவான், வாங்கிட்டு வந்துருவேன்." பாவாடையை நாலாக மடித்து, திரும்ப விரித்து, மறுபடி மடித்தது. "புள்ளைக்கு இது தரையில பொரளும். தட்டி விழுந்துருவா. நாளைக்குக் காரைக்குடிக்குப் போவோம் தாயி. மூணு வயசு அளவு கேட்டு வாங்கணும்."