கல்யாணப் பட்டு ரீல்ஸ்: கேப்ஷனை ஏன் மாற்றினோம்

21.01.2025, சென்னை

அன்புள்ள சண்முகம் ஐயாவுக்கு,

வணக்கம். நேற்று காலை கல்யாண மண்டபத்திலிருந்து பேசியபோது நீங்கள் கேட்ட கேள்வி இது: "நாலு பேர் ஏதோ எழுதினாங்கன்னு நாம போட்டதை மாத்தினா, நாமே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" அங்கே இருந்த மேளச் சத்தத்தில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை, பாதி எனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பிரபுவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் போட்ட ரீல்ஸில் இருந்த கேப்ஷன், ஆஃபர் போஸ்டருக்காகக் கடையிலிருந்து வந்த வரிகள்தான்:

"அசல் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு! தை முகூர்த்தத்துக்கு ரூ. 4,500 முதல்! நெசவாளர் கையிலிருந்து நேராக உங்கள் கைக்கு!"

முதல் ஒரு மணி நேரம் வழக்கம்போல விலை கேட்டும் கலர் கேட்டும் கமெண்ட் வந்தது. ஏழரைக்கு மேல் பேச்சு மாறியது. முதலில் எழுதியவர் ஒரு பெண். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எங்க அப்பா பிள்ளையார்பாளையத்துல முப்பது வருஷமா தறியில உட்கார்ந்திருக்கார். ஒரு சேலைக்கு ரெண்டு பேர் பத்து பதினஞ்சு நாள் வேலை செய்யணும். 4,500 ரூபாய்க்குக் கைத்தறிப் பட்டுன்னா எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கூலி எவ்வளவு?" அந்த ஒரு கமெண்டுக்குக் கீழேயே எண்பதுக்கும் மேல் பதில்கள் வந்தன.

அடுத்தவர் இன்னும் கூர்மையாகப் பார்த்திருந்தார். வீடியோவின் கடைசியில் கவுன்ட்டரில் விரித்துக் காட்டும் பச்சைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தைக் குறிப்பிட்டு, "இது கோர்வை இல்லை, தறியில உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா" என்று எழுதினார். மூன்று நாடா வைத்து, பக்கத்தில் உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, கரையையும் உடலையும் பின்னிச் சேர்த்து நெய்யும் கோர்வையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, நம் பக்கத்தைப் பார்ப்பவர்களில் அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு வீடியோ போட்டால் உங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேரும்.

மூன்றாவது கமெண்ட்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. தீபாவளிக்கு நம் கடையில் 5,200 ரூபாய்க்குச் சேலை எடுத்த ஒரு வாடிக்கையாளர், "எனக்கும் கைத்தறின்னுதான் நினைச்சு வாங்கினேன், அப்போ அது என்ன?" என்று கேட்டிருந்தார். கோபமாக எழுதவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தார்.

அந்த நேரத்தில் உங்கள் போன் கிடைக்கவில்லை. பிரபுவிடம் பேசினேன். ஸ்டாக்கில் எது எந்தத் தறி என்று கேட்டதும் அரை மணி நேரத்தில் பட்டியல் அனுப்பிவிட்டார். 4,500 முதல் 9,000 வரை இருப்பவை விசைத்தறி, வெள்ளி கலக்காத ஜரிகை. 14,000க்கு மேல் இருப்பவைதான் பிள்ளையார்பாளையத்தில் உங்களுக்காக நெய்பவர்களிடமிருந்து வருபவை. வீடியோவின் தொடக்கத்தில் வரும் தறியும் அரக்குச் சேலையும் அசலான கைத்தறி, கடைசியில் வருபவை அப்படி இல்லை. கேப்ஷனோ எல்லாவற்றையும் ஒரே வரியில் கட்டியிருந்தது. விலை ஒரு சேலையுடையது, பெருமை இன்னொரு சேலையுடையது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வரிகள் ஒரு ராத்திரி முழுக்க அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பிரபுவும் சம்மதித்தார். பத்தரை மணிக்கு மாற்றினோம். இப்போது இருப்பது இது:

"தை முகூர்த்தத்துக்கு நம் கடையில் இரண்டு வகைப் பட்டு இருக்கிறது. ரூ. 4,500 முதல்: விசைத்தறியில் நெய்த பட்டு. ரூ. 14,000 முதல்: பிள்ளையார்பாளையம் தறிகளில் கையால் நெய்த காஞ்சிபுரம் பட்டு. வீடியோவில் முதலில் வரும் தறியும் அரக்குச் சேலையும் கைத்தறி. கடைசியில் கவுன்ட்டரில் விரிப்பவை விசைத்தறி. கடைக்கு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம்."

இதோடு கடையின் பெயரில் ஒரு கமெண்ட் எழுதி மேலே பின் செய்திருக்கிறோம்:

"முதலில் போட்ட கேப்ஷன், வீடியோவில் உள்ள எல்லாச் சேலைகளும் கைத்தறி என்று நினைக்கும்படி இருந்தது. அது சரியில்லை என்று சொன்னவர்களுக்கு நன்றி. விவரத்தைப் பிரித்து எழுதியிருக்கிறோம். ஏற்கெனவே வாங்கிய சேலை பற்றிச் சந்தேகம் இருந்தால் பில்லோடு வாருங்கள், எந்தத் தறி என்று பார்த்துச் சொல்கிறோம்."

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்றினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமா? ஆகும், ஐயா. ஆனால் எதை ஒத்துக்கொண்டோம் என்று பாருங்கள். கடை ஏமாற்றுகிறது என்பதை நாம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வரி உண்மையைவிடப் பெரிதாக இருந்தது என்பதை மட்டும்தான் ஒத்துக்கொண்டோம். சொல்லாமல் மாற்றியிருந்தால்தான் முதலாவது ஆகியிருக்கும். கேப்ஷனை எடிட் செய்தால் இன்ஸ்டாகிராம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும், பக்கத்திலேயே குறிப்பு வரும். என்ன மாற்றினோம் என்று நாமே சொல்லாவிட்டால் மற்றவர்கள் அவரவர் மனதில் தோன்றியதைச் சொல்வார்கள்.

வீடியோவையே எடுத்துவிடலாம், குறை சொன்னவர்களை பிளாக் செய்துவிடலாம் என்றும் சொன்னீர்கள். அதை நான் செய்யாததற்குக் காரணம் உண்டு. மாற்றுவதற்கு முன்பே பழைய கேப்ஷனின் ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு பேர் தங்கள் ஸ்டோரியில் போட்டுவிட்டார்கள். நம் பதிவு போய்விட்டால் ஊரில் உலவப்போவது அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். நம் விளக்கம் எங்கேயும் இருக்காது. அப்புறம், அந்தப் பெண்ணை பிளாக் செய்வதை நினைத்துப் பாருங்கள். அவர் நெசவுக் குடும்பம். "காஞ்சிக் கடை நெசவாளர் மகளை பிளாக் செய்தது" என்று ஒருவர் எழுதினால் போதும், அதைத் துடைக்க எந்த விளம்பரத்தாலும் முடியாது. அவர் கேட்டதும் நியாயம். கூலியைப் பற்றிக் கேட்பது வசவு ஆகாது.

நான்கு கமெண்டுகளை மட்டும் மறைத்தேன். சாதியைச் சொல்லியும் வீட்டுப் பெண்களை இழுத்தும் எழுதியவை அவை. குறை சொன்ன மற்ற எல்லாம் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை, கமெண்டில் ஒருவர் அதைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார், நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. நம் மேல் யாரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கேப்ஷனும் விளம்பரம்தான், அதுவும் நாம் காசு கொடுத்து ஓட்டிய பதிவு.

கமெண்டில் "சில்க் மார்க் இருக்கே" என்று நமக்காகப் பேசிய இருவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னேன். ஆனால் அந்த வாதத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில்க் மார்க் சொல்வது நூல் சுத்தப் பட்டு என்பதைத்தான். எந்தத் தறியில் நெய்தது என்று அது சொல்லாது, அதற்கு ஹேண்ட்லூம் மார்க் வேறாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிப் பதில் சொன்னால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும்.

விளம்பரத்தையும் நிறுத்தினேன். காசு கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் பதிவின் கேப்ஷனை அப்படியே மாற்ற முடியாது, ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான் முடியும். மீதித் தொகை செலவாகாமல் அப்படியே இருக்கிறது. ஃபேஸ்புக்கில் போனது தனிப் பிரதி. இன்ஸ்டாகிராமில் மாற்றினால் அங்கே தானாக மாறாது, அதனால் அதையும் தனியாக மாற்றிவிட்டேன். வீடியோவுக்குள் எழுத்தாக "கல்யாணப் பட்டு" என்று மட்டும் இருந்தது பெரிய நிம்மதி. "கைத்தறி" என்று வீடியோவிலேயே பதிந்திருந்தால் திருத்த வழியே இல்லை, எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்க வேண்டும். கடையின் வாட்ஸ்ஆப் குழுவில் பழைய வரிகளோடு போஸ்டர் இன்னும் சுற்றுகிறது. அதை எடுக்க வேண்டியது கடைப் பக்கம்.

மாற்றிய பிறகு எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். "மாட்டிக்கிட்டதால மாத்தினீங்க" என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த நெசவாளர் மகள் நேற்று மதியம் திரும்பி வந்து, "விசைத்தறின்னு வெளிப்படையா போட்டதுக்கு நன்றி. கைத்தறிச் சேலையை நெய்தவங்க பேரையும் போடுங்க" என்று எழுதியிருக்கிறார். நான் உங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். உங்களுக்கு நெய்து தரும் குடும்பங்களில் யாருக்கு விருப்பமோ அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அடுத்த வீடியோவைத் தறியிலேயே எடுக்கலாம். கோர்வை போடும் இடத்தைக் கிட்டத்தில் காட்டலாம். 14,000 ரூபாய் ஏன் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். 4,500 ரூபாய்ச் சேலைக்கும் தாழ்வில்லை. அந்த விலைக்குள்தான் கல்யாணம் முடிக்க வேண்டிய வீடுகள் நிறைய, அவர்களுக்கு அது நல்ல சேலை. அதை அதன் பெயரிலேயே விற்கலாம்.

உங்களிடமிருந்து எனக்குத் தேவையானவை: கவுன்ட்டரில் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் தனித்தனிச் சீட்டு, ஹேண்ட்லூம் மார்க் உள்ள சேலைகளின் பட்டியல், வாட்ஸ்ஆப் குழுவில் பழைய போஸ்டரை நீக்கியதாக ஒரு வார்த்தை. தீபாவளிக்கு வாங்கிய அந்த அம்மாவுக்கு நான் எழுதுவதைவிடக் கடையிலிருந்து நீங்கள் பேசுவதுதான் மரியாதை. அவருடைய நம்பரைப் பிரபுவிடம் கொடுத்திருக்கிறேன். பில்லில் கைத்தறி என்று போட்டிருந்தால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் கருத்தைக் கேட்டால், மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பேன்.

வெள்ளிக்கிழமைப் பதிவுக்கான வரிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு சேலைக்கும் பக்கத்தில் தறி எது என்று எழுதியிருக்கிறேன், ஸ்டாக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அதைப் போடுவேன். வியாழன் மதியத்துக்குள் சொன்னால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கவிதா
சமூக ஊடகப் பொறுப்பாளர்