பொருள்: உங்கள் ஏலக்காய்க் கடைக்கான இணையதளம் – விலைப்புள்ளி

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். குமுளியில் உங்கள் கடையில் பேசியபடி விலைப்புள்ளி அனுப்பியுள்ளேன். தளம் அமைப்பது ஒருமுறைச் செலவு, பராமரிப்பு தொடர்செலவு. அதனால் இரண்டையும் தனித்தனியாகவே போட்டிருக்கிறேன்.

தளம் அமைக்க: ரூ. 14,000

இதில் ஐந்து பக்கங்கள்: முகப்பு, கடையைப் பற்றி, சரக்கு வகைகள், படங்கள், தொடர்பு. தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தருகிறேன். கூகுள் மேப்பில் கடையின் இடம், உணவுப் பாதுகாப்பு உரிம எண், வாட்ஸ்அப் பொத்தான் எல்லாம் இதிலேயே அடங்கும். படம் எடுக்க நானே கம்பத்திலிருந்து வருவேன், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஏலக்காய் விலையைத் தளத்தில் போட வேண்டும் என்றீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. புத்தடியிலும் போடியிலும் ஏலம் நடக்க நடக்க விலை மாறும். பழைய விலையைப் பார்த்துவிட்டு வருபவர் கடையில் வாதாடுவார். எட்டு மில்லி, ஏழு மில்லி என ரகங்களைப் படத்தோடு காட்டி, பக்கத்திலேயே ‘இன்றைய விலை கேட்க’ என்று வாட்ஸ்அப் பொத்தான் வைப்போம். மிளகு, கிராம்புக்கும் அப்படியே. தளத்திலேயே பணம் வாங்கும் வசதியும் இப்போதைக்குத் தேவையில்லை. வெளியூர் ஆர்டர் பெருகினால் அப்போது பேசலாம்.

தளத்தின் முகவரியான டொமைனும், தளத்தை இணையத்தில் வைக்கும் இடமான ஹோஸ்டிங்கும்: முதல் ஆண்டுக்குச் சுமார் ரூ. 3,600

இது எனக்கு வரும் பணம் அன்று. உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில், உங்கள் கார்டிலிருந்தே கட்டிவிடுங்கள். பக்கத்தில் இருந்து உதவுகிறேன். டொமைன் வேறொருவர் பெயரில் இருந்தால் பின்னாளில் அவரையே நம்பியிருக்க வேண்டிவரும். என்னிடமும் அது இருக்கக் கூடாது. முகவரிக்கு முன் வரும் https பாதுகாப்பு இலவசமாகவே கிடைக்கும். அதற்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு: மாதம் ரூ. 600 (ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ரூ. 6,000)

மாதம் நான்கு மாற்றங்கள் வரை, வாரம் ஒரு காப்புப் பிரதி, தளம் நின்றால் சரிசெய்தல், டொமைன் புதுப்பிக்கும் நாளை முன்கூட்டியே நினைவூட்டல். இது கட்டாயமில்லை. எடுக்காவிட்டாலும் தளம் ஓடும். தேவைப்படும்போது கூப்பிட்டால் ஒரு வேலைக்கு ரூ. 400. தளம் திறந்த முதல் மாதம் பிழை திருத்தம் இலவசம்.

முன்பணம் ரூ. 7,000, மீதி நீங்கள் தளத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு. முன்பணமும் சரக்குப் பட்டியலும் கிடைத்ததிலிருந்து மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். நான் ஜி.எஸ்.டி. பதிவில் இல்லை, எனவே வரி சேராது.

இந்த விலை செப்டம்பர் 30 வரை செல்லும். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் குமுளி வழியாக வரத் தொடங்கும்முன் தளம் திறந்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்திற்குள் வேலையைத் தொடங்கினால் அவசரமில்லாமல் செய்யலாம். சம்மதம் என்றால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள், படம் எடுக்க எந்த நாள் வசதி என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வம்
கம்பம்