நால்ரோடு சந்திப்புப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு: உச்ச நேர ஓட்டம்
(சந்தைப்பேட்டை சாலைச் சிறுபாலம் புராஜெக்ட்டுக்கான அறிக்கை)

எதற்காக எடுத்தோம்

நால்ரோட்டிலிருந்து கிழக்கே 110 மீட்டரில், சந்தைப்பேட்டை சாலையின் குறுக்கே இருக்கும் பழைய சிறுபாலத்தை இடித்துவிட்டுப் பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம் கட்டுவதுதான் எங்கள் புராஜெக்ட். சாலையைப் பாதி மூடி, மீதிப் பாதியில் வண்டிகளை விட்டுக்கொண்டே வேலை செய்யலாம் என்பது முதல் திட்டம். காலை நெரிசலில் அது நடக்குமா என்று எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்காகவே இந்தக் கணக்கெடுப்பு.

எண்ணிய முறை

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் எண்ணினோம். வெள்ளி இங்கே சந்தை நாள். திங்களன்று வெளியூர் போகிறவர்கள் கூட்டம் அதிகம். அதனால் இரண்டையும் தவிர்த்தோம். மறுநாள் புதன் காலை மட்டும் திரும்ப எண்ணியதில் மொத்தம் 4 சதவீதத்துக்குள்தான் வேறுபட்டது. எனவே கீழே உள்ளவை எல்லாம் செவ்வாய்க்கிழமைக் கணக்கு.

ஒரு சாலைக்கு இரண்டு பேர். ஒருவர் டூவீலரை மட்டும் பார்த்தார், மற்றவர் மீதி எல்லாவற்றையும். இங்கே ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு டூவீலர்தான். ஒரே ஆள் எல்லாவற்றையும் எண்ணினால் முதலில் விட்டுப்போவதும் அதுதான். ஒவ்வொரு தாளிலும் இடது, நேர், வலது என்று மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி வகைக்கு ஒரு வரி. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தோம். 15 நிமிடம் முடிந்ததும், பாதியில் நின்றிருந்தாலும் சரி, அந்தத் தாளை மடித்துவிட்டுப் புதுத் தாள். எட்டுப் பேரின் கைக்கடிகாரத்தையும் தொடங்கும் முன் ஒன்றாக வைத்துக்கொண்டோம். திரும்பி வந்த வழியே போன வண்டிகளை வலது திருப்பத்தோடு சேர்த்தோம்.

சரிபார்க்க, வடக்குச் சாலையில் ஒரு கால்மணி நேரத்தை இரண்டு குழு தனித்தனியாக எண்ணியது. ஒன்றில் 203, இன்னொன்றில் 209. கையால் எண்ணும் வேலைக்கு இந்த வித்தியாசம் ஏற்கத்தக்கது.

உச்ச மணி எது

நான்கு சாலையிலிருந்தும் சந்திப்புக்குள் நுழைந்த வண்டிகள்:

| காலை நேரம் | வண்டிகள் |
|---|---|
| 8:00–8:15 | 612 |
| 8:15–8:30 | 704 |
| 8:30–8:45 | 861 |
| 8:45–9:00 | 958 |
| 9:00–9:15 | 927 |
| 9:15–9:30 | 834 |
| 9:30–9:45 | 716 |
| 9:45–10:00 | 645 |

8 முதல் 9 வரை கூட்டினால் 3,135. 9 முதல் 10 வரை 3,122. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் உச்சம் 3,135 என்று எழுதிவிடத் தோன்றும். கால்மணி கால்மணியாக நகர்த்திக் கூட்டினால்தான் உண்மையான உச்சம் தெரிகிறது: 8:30 முதல் 9:30 வரை, 3,580 வண்டிகள். முழு மணியை மட்டும் நம்பியிருந்தால் 445 வண்டிகள், அதாவது உச்ச ஓட்டத்தில் 12 சதவீதம், கணக்கிலிருந்து போயிருக்கும். பள்ளி, கல்லூரி, அலுவலகம் மூன்றும் ஒன்பதை ஒட்டித் தொடங்கும் ஊரில் உச்ச மணி ஒன்பதைத் தாண்டி இரண்டு பக்கமும் பரவத்தான் செய்யும். மாலை உச்சம் 5:30 முதல் 6:30 வரை, 3,296. எனவே வடிவமைப்புக்குக் காலையையே எடுத்தோம்.

உச்ச மணிக்குள் ஓட்டம் எவ்வளவு சீராக இருந்தது என்று காட்டும் உச்ச மணிக் காரணி, PHF:

```
PHF = 3580 / (4 × 958) = 0.93
```

மிக நெரிசலான கால்மணி ஒரு மணி நேரம் நீடித்தால் ஓட்டம் மணிக்கு 3,832. தற்காலிக வழி இதைத் தாங்க வேண்டும். 3,580 தாங்கினால் போதாது.

பி.சி.யு. கணக்கு

ஒரு வண்டி சாலையில் எத்தனை காருக்குச் சமமான இடத்தை எடுக்கிறது என்று மாற்றிச் சொல்லும் அளவுதான் பி.சி.யு. இதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. 106-1990 தரும் மதிப்புகளையே எடுத்தோம். அதில் ஒரே வண்டிக்கு இரண்டு மதிப்பு உண்டு: ஓட்டத்தில் அதன் பங்கு 5 சதவீதமாக இருந்தால் ஒன்று, 10 சதவீதமும் மேலும் என்றால் வேறொன்று. ஆட்டோவின் பங்கு 9.4 சதவீதம் என்பதால் 1.2-க்கும் 2.0-க்கும் இடையில் விகிதப்படி 1.91 வந்தது.

| வகை | வண்டிகள் | மதிப்பு | பி.சி.யு. |
|---|---|---|---|
| டூவீலர் | 2,363 | 0.75 | 1,772 |
| கார், ஜீப், வேன் | 519 | 1.0 | 519 |
| ஆட்டோ | 337 | 1.91 | 644 |
| பஸ், லாரி | 158 | 2.2 | 348 |
| மினி லாரி, டெம்போ | 104 | 1.4 | 146 |
| சைக்கிள் | 88 | 0.4 | 35 |
| டிராக்டர் டிரெய்லர் | 11 | 4.0 | 44 |
| மொத்தம் | 3,580 | | 3,508 |

எண்ணிக்கையில் ஆட்டோ பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் சாலையில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாலத்தருகே இருக்கும் ஆட்டோ நிறுத்தத்தை வேலைக் காலத்துக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

சந்தைப்பேட்டை சாலை

நான்கு சாலைகளில் அதிகம் கொண்டுவருவது இதுவே: மணிக்கு 1,142 பி.சி.யு. (நேர் 512, பஸ் நிலையம் பக்கம் வலது 417, இடது 213). தெற்கு 954, வடக்கு 806, மேற்கு 606.

சந்திப்பிலிருந்து இந்தச் சாலைக்குள் போவதை மற்றத் தாள்களிலிருந்தே எடுக்கலாம்: மேற்கிலிருந்து நேர் 302, வடக்கிலிருந்து இடது 178, தெற்கிலிருந்து வலது 208, ஆக 688. இரு திசையும் சேர்த்து 1,830. ஏழு மீட்டர் அகல இருவழிச் சாலை, துணைப் பிரதான வகை என்று எடுத்தால் ஐ.ஆர்.சி. தரும் அளவு மணிக்கு 1,200 பி.சி.யு. அதாவது பாலம் முழுதாகத் திறந்திருக்கும் இன்றே சாலை அளவை மீறித்தான் ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போலீஸ் கை காட்டி விடும் வண்டிகளைத்தான் நாங்கள் எண்ணினோம். வர விரும்பியவை அதைவிட அதிகம். கிழக்குப் பக்க வரிசையைக் கால்மணிக்கு ஒருமுறை குறித்தோம். 8:45-க்கு 22 வண்டி, 9:00-க்கு 64, 9:15-க்கு 58, 9:30-க்கு 19. ஒன்பது மணிக்கு வரிசையின் வால் பாலத்தின் மேலேயே இருந்தது. 8:45 முதல் 9:00 வரை கடந்தவை 958 என்றாலும், வரிசையில் கூடிய 42-ஐச் சேர்த்தால் வந்தவை 1,000. வேலை நடக்கும் இடத்திலேயே வரிசை நிற்கிறது என்பதுதான் மொத்த எண்ணைவிட எங்களைக் கவலைப்பட வைத்தது.

பரிந்துரை

பாதிச் சாலையை மூடி, ஒரே வழியில் இரு திசையையும் மாறி மாறி விடும் திட்டத்தைக் கைவிட வேண்டும். மதியம் 12:30 முதல் 1:00 வரை எண்ணிய மாதிரியிலேயே இரு திசையும் 468 பி.சி.யு.; மணிக்கு 936. மதியத்திலும் அது ஓடாது.

பதிலாக, திறந்திருக்கும் பாதியைச் சந்திப்பு நோக்கி வரும் வண்டிகளுக்கு மட்டும் ஒருவழியாக விடலாம். கிழக்கே போகும் 688 முழுவதும் மில் ரோடு வழியே போகட்டும். வலது திரும்பும் 417-ஐயும் பாலத்துக்கு முன்பே மில் ரோட்டில் திருப்பினால் அவை பஸ் நிலையம் போய்ச் சேரும். பாலத்தின் மேல் மிஞ்சுவது 725. பஸ், லாரியைக் காலை 8:15 முதல் 9:45 வரை இந்த வழியில் விடக்கூடாது.

மில் ரோடு ஐந்தரை மீட்டர்தான் அகலம். அதன் தலையில் 1,105 பி.சி.யு. ஏற்றும் முன், இதே தாளில், இதே காலை நேரத்தில் அங்கே எண்ண வேண்டும். அந்த எண் வரும்வரை வேலை ஆணைக்குத் தேதி குறிக்க வேண்டாம். நிரந்தர சிக்னல் பற்றி இந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை. அதற்கு ஒரு நாளில் எட்டு மணி நேரக் கணக்கு தேவை, எங்களிடம் இருப்பது நான்கு மணி நேரம்.

தாள்கள் அனைத்தும் சாலைவாரியாகக் கட்டி இணைக்கப்பட்டுள்ளன.

கணக்கெடுப்புக் குழு,
சிவில் இறுதியாண்டு