கை பேசும்: முதல் ஐந்து முத்திரைகள்

1
பரதநாட்டியத்தில் ஒற்றைக்கை முத்திரைகள் 28. பயப்படாதீர்கள், இன்றைக்கு ஐந்துதான்! டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு.
வலக்கையை நீட்டுங்கள், இடக்கையால் திரையைத் தள்ளுங்கள் →

2
பதாகம்: கொடி
நான்கு விரல்களும் ஒட்டி, நேராக. கட்டைவிரல் மடங்கி உள்ளங்கையை ஒட்டி இருக்கும். மேகம், காடு, ஆறு, ஆசி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கைதான். அசைவும் பார்வையும் பொருளை மாற்றும்.

3
திரிபதாகம்: கிரீடம், மரம்
பதாகத்தில் மோதிர விரலை மட்டும் மடக்குங்கள். சுண்டுவிரலும் கூடவே மடங்குகிறதா? முதல் வாரம் எல்லோருக்கும் அப்படித்தான். மறுகையால் பிடித்துப் பழகுங்கள்.

4
கர்த்தரீமுகம்: கத்தரிக்கோல்
ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விரிந்து நிற்கும். பிரிவையும் மின்னலையும்கூடக் காட்டும்.

5
மயூரம்: மயில்
மோதிர விரல் நுனி கட்டைவிரல் நுனியைத் தொடும். மற்ற மூன்றும் நேராக. தைப்பூசக் காவடியில் செருகிய மயிலிறகை நினைத்துக்கொள்ளுங்கள், கழுத்து தானாக நிமிரும். நெற்றியில் பொட்டு வைப்பதும் இதே கைதான். எனக்கு மிகவும் பிடித்தது.

6
அலபத்மம்: மலர்ந்த தாமரை
சுண்டுவிரலை உள்ளே இழுத்து, மற்ற விரல்களை வரிசையாக விரியுங்கள். முழுநிலவு, அழகு, இன்னும் எத்தனையோ. விரல் வலிக்கும்; வலித்தால் கையை உதறிவிட்டு அப்புறம் தொடருங்கள்.

7
சனிக்கிழமை காலை 9 மணி. பருத்திச் சுடிதார், இடுப்பில் கட்டிய துப்பட்டா போதும். சலங்கை இப்போது வாங்க வேண்டாம். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள்.