வண்ணப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்

எல்லாருக்கும் காலை வணக்கம். பின்னால் நிற்கிற பெற்றோர்கள் முன்னே வந்து பெஞ்சில் உட்காருங்கள். ஐந்து நிமிடம்தான் பேசுவேன், ஆனால் எல்லாரும் கேட்டே ஆகவேண்டும்.

போன வருடம் இதே ஹாலில் ஓவியப் போட்டியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைப்பு கடல். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தாள் முழுக்கக் கறுப்பு தீட்டி, மேல் ஓரத்தில் மஞ்சளாக நாலு புள்ளி வைத்திருந்தான். பாதியில் விட்டுவிட்டான் என்று நினைத்து நடுவர்கள் மார்க்கைக் குறைத்தோம். ஆமாம், நானும் அவர்களில் ஒருத்தி. பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "விடியக்காலம் மூணு மணிக்குத் தாத்தாகூட காசிமேடு போனா கடல் இப்படித்தான் மிஸ் இருக்கும். அது தூரத்துல வர்ற லாஞ்சு லைட்டு" என்றான். அவன் கண்ணால் பார்த்ததை வரைந்திருந்தான். நாங்கள் எங்கள் மனசில் இருந்த நீலக் கடலைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்தக் குழந்தைக்கு நாங்கள் செய்தது அநியாயம். இந்த வருடம் விதிகளை முதலிலிருந்து எழுதியது அதனால்தான்.

ஒரு படத்துக்கு மொத்தம் 50 மார்க். அதில் 20 மார்க் சொந்தப் பார்வைக்கு. அப்படியென்றால் என்ன? இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, பக்கத்தில் ஒரு குடிசை. இந்தப் படத்தை நாம் எல்லாரும் வரைந்திருக்கிறோம். ஆனால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நம் பிள்ளைகள் எந்த மலையைப் பார்க்கிறார்கள்? டிராயிங் கிளாசில் பழகிய படத்தை எவ்வளவு சுத்தமாக வரைந்தாலும், இந்த 20-ல் அதற்குப் பெரிதாகக் கிடைக்காது. கை கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் தான் பார்த்ததை வரைந்த குழந்தைக்குக் கிடைக்கும். மீதி 30-ல் தாளை எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்பதற்கு 10, நிறத்துக்கு 10, தலைப்போடு பொருந்துவதற்கு 10. நிறம் என்றால் வானம் நீலமா, இலை பச்சையா என்று பார்ப்பது இல்லை. அந்தப் படத்துக்குள் அந்த நிறம் பேசுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் தப்பில்லை, ஆனால் நேர்க்கோட்டுக்குத் தனி மார்க் கிடையாது.

ஒன்று, இரண்டாம் வகுப்பு தனிப் பிரிவு. மூன்று முதல் ஐந்து வரை ஒரு பிரிவு, ஆறு முதல் எட்டு வரை இன்னொன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அம்மாவை வீட்டைவிடப் பெரிசாக வரையும். அது பிழை இல்லை. அந்த வயதில் யார் முக்கியமோ அவர்தான் தாளில் பெரியவர். நடுவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

நடுவர்கள் மூன்று பேர். மூவருமே நம் பள்ளியைச் சேர்ந்தவர்கள் இல்லை. அதில் ஒருவர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும், 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். இந்த முறை நான் மார்க் போடப்போவதில்லை. தாளின் முன்பக்கம் யாரும் பெயர் எழுதக் கூடாது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியல் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கும். மூவரும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியாக மார்க் போடுவார்கள். ஒரே படத்துக்கு ஒருவர் 40, இன்னொருவர் 22 என்று போட்டிருந்தால் அதை அப்படியே கூட்டிவிட மாட்டோம். 15-க்கு மேல் வித்தியாசம் வந்தாலே மூவரும் அந்தப் படத்தை நடுவில் வைத்து, ஏன் அப்படிப் போட்டோம் என்று காரணம் சொல்லவேண்டும். கறுப்புக் கடல் படத்துக்கு அன்றைக்கு அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை. இரண்டு பேர் சமமாக வந்தால் சொந்தப் பார்வையில் அதிகம் வாங்கியவருக்கு முதலிடம். திங்கட்கிழமை உங்கள் பிள்ளையின் மார்க் தாளை ஆபீசில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

அப்புறம், வீட்டிலிருந்து கொண்டுவந்த கலர் பெட்டிகளை தயவுசெய்து பையிலேயே வைத்துவிடுங்கள். விலை உயர்ந்த பெட்டி வைத்திருப்பவருக்கும் எதுவுமே இல்லாதவருக்கும் இன்றைக்கு ஒரே சாமான்தான்: ஒரு தாள், 12 நிற வாட்டர் கலர், பென்சில், இரண்டு பிரஷ். தாள் கிழிந்தால், தண்ணீர் கொட்டினால் கையைத் தூக்குங்கள், வேறு தாள் தருவோம். கொட்டியதற்காக யாரும் திட்டமாட்டார்கள்.

பெற்றோர்கள் மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்குப் போய்விடவேண்டும். ஜன்னலோரம் நின்று "அங்க சிவப்பு அடி" என்று சொன்னால் பிள்ளையின் மார்க்கைக் குறைக்கமாட்டோம், அது பிள்ளையின் தப்பு இல்லையே. உங்களைத்தான் கேட்டுக்கு வெளியே அனுப்புவோம்.

இந்த வருடத் தலைப்பு, 'எங்கள் தெரு'. உதாரணம் எதுவும் சொல்லமாட்டேன். நான் ஒன்று சொன்னால் நாற்பது தாளில் அதுவே வந்து நிற்கும். உங்கள் தெரு உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, பத்து மணிக்கு மணி அடிக்கும், பன்னிரண்டுக்கு முடியும். நம்பர் சீட்டு வாங்காதவர்கள் கையைத் தூக்குங்கள்.