25 வருசம், 8 படம்

எங்களுக்குக் கல்யாணமாகி இன்னையோட 25 வருசம். "ஒரு படம் போட்டு நாலு வரி எழுதுங்கப்பா"ன்னு மக ஒரு வாரமா நச்சரிச்சா. பீரோவைக் கவிழ்த்துத் தேடிட்டேன். பிள்ளைங்களோட, சொந்தக்காரங்களோட, கோயில் வாசல்ல கூட்டமா எடுத்ததெல்லாம் கட்டு கட்டா இருக்கு. நானும் செல்வியும் மட்டும் நிக்கிற படம் ஏழே ஏழு. காலையில ஒண்ணு எடுத்தோம், எட்டாச்சு. எதை விடுறதுன்னு தெரியாம எல்லாத்தையும் போட்டுட்டேன்.

செல்வி இங்கெல்லாம் வர்றதில்ல. வாழ்த்து சொல்றவங்க அவ நம்பருக்கே கூப்பிடுங்க. சாயந்தரம் 6 மணிக்கு மேல கூப்பிட்டா நல்லா பேசுவா. அதுக்கு முன்னாடின்னா அடுப்புல எதாவது இருக்கும்.

படம் 1. 10.09.2000, மன்னார்குடி

ஆவணி மாசம், ஞாயித்துக்கிழமை. அப்ப நான் மின்வாரியத்துல காண்ட்ராக்ட் ஆளு. தாலி கட்டி முடிச்சு, மெட்டி போடக் காலைத் தூக்கி அம்மிமேல வைக்கிற நேரம், மண்டபத்துல கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு, மைக் நின்னுச்சு. முந்நூறு பேரும் ஒண்ணா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பட்டுவேட்டியோட போஸ்ட்ல ஏறச் சொல்லுவாங்க போலன்னு எனக்கு வேர்த்துருச்சு. எங்க மாமனாரு மட்டும், "மாப்பிள்ளை, ஆபீசுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்"னாரு, மரியாதையாத்தான்.

அதுவரைக்கும் தலை நிமிராத பொண்ணு அந்த நேரத்துல சிரிச்சுட்டா. அவ முகத்தை நான் சரியா பாத்ததே அப்பதான். போட்டோக்காரர் ஃபிளாஷ் போட்டு எடுத்தாரு. மத்த படத்துலல்லாம் ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்த மாதிரிதான் இருப்போம். கட்டியிருக்கறது மாயவரம் கூறைப்புடவை. இந்தப் புடவையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க.

படம் 2. 2001, திருத்துறைப்பூண்டியில ஒரு ஸ்டூடியோ

பின்னாடி அருவி, மான், பனிமலை, எல்லாம் பெயின்ட். எங்க ஊர்ல ஏது மலை. செருப்பைக் கழட்டிட்டு நிக்கச் சொன்னாங்க, வெளிய வந்து பாத்தா செல்வியோட செருப்பைக் காணோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் செருப்பைப் போட்டுக்கிட்டு அவ நடந்தா, நான் வெறுங்கால்ல நடந்தேன். தார் ரோடு, சித்திரை வெயிலு. முதல் வருசத்துல நான் செஞ்ச பெரிய காரியம் இதுதான்னு இன்னைக்கும் சொல்லுவா.

படம் 3. வேலை நிரந்தரமான வருசம்

ஆபீஸ்ல ஏதோ படிவத்துக்குப் புருசன் பொண்டாட்டி சேர்ந்து இருக்கற படம் வேணும்னாங்க. ஸ்டூடியோக்காரர், "இன்னும் கொஞ்சம் நெருங்குங்க சார், ரெண்டு தலையும் கட்டத்துக்குள்ள வரணும்"னு மூணு தடவ சொன்னாரு. கவர்மென்ட் சொல்லித்தான் நாங்க பக்கத்துல உக்காந்தோம்.

நாலு காப்பி குடுத்தாரு. மூணு ஆபீசுக்கு. ஒண்ணு என் பர்ஸ்ல, ஏடிஎம் கார்டுக்குப் பின்னாடி. ஓரம் மடங்கி என் காது பாதி போயிருச்சு, செல்விக்கு ஒண்ணும் ஆகல.

படம் 4. 2016, கும்பகோணம், மகாமகம்

தற்காலிக லைன் வேலைக்கு எங்களையும் அனுப்பியிருந்தாங்க. செல்வி எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து குளிச்சுட்டா. நான் குளிக்கல. கேபிள் சுருளைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன் பாருங்க. ஈரத் தலையை என்மேல உதறி, "போதும், உங்களுக்கும் புண்ணியம் சேந்துரும்"னா.

படம் 5. 2018, கஜா புயலுக்கு அப்புறம்

இதைப் பத்திக் கொஞ்சம் எழுதியாகணும்.

நவம்பர் 16 விடியறதுக்குள்ள எங்க பக்கம் நின்ன போஸ்ட்டை எண்ணிறலாம், விழுந்ததை எண்ண முடியாது. நான் முதல் நாள் சாயந்தரமே பிரிவு அலுவலகம் போயிட்டேன். செல்வியும் ரெண்டு பிள்ளைங்களும் எங்க அம்மாவும் வீட்டுல. ஓடு பறக்க ஆரம்பிச்சதும் நாலு பேரும் அடுப்படியில அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்காங்க. போன் கிடையாது. நான் வீட்டுக்கு வந்தது மூணாம் நாள். கொல்லையில இருந்த பதினொரு தென்னையில ரெண்டுதான் நின்னுச்சு. செல்வி ஒரு வார்த்தை பேசல. சொம்புல தண்ணி குடுத்தா. அப்புறம், "சாப்பிட்டீங்களா?"ன்னா. அவ்வளவுதான். நான் திண்ணையில உக்காந்து அழுதுட்டேன். இதை இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல, அவளே படிக்க மாட்டாங்கற தைரியத்துல எழுதறேன்.

எங்க தெரு லைனோட கடைசி. ஆஸ்பத்திரி, தண்ணி டேங்க், பெரிய ரோடுன்னு வரிசையா சார்ஜ் பண்ணிக்கிட்டு வந்தோம், எங்க தெருவுக்கு வர இருபத்தஞ்சு நாளுக்கு மேல ஆச்சு. "உன் புருசன் இபிதானே, உன் வீட்டுக்காவது ஒரு ஒயரை இழுத்துவிடச் சொல்லேன்"னு அடிபைப்புல எல்லாரும் கேட்டிருக்காங்க. "எங்க வீட்டுக்கு மட்டும் லைட் எரிஞ்சா நான் எந்த மூஞ்சியோட இங்க தண்ணி புடிக்க வர்றது?"ன்னு கேட்டிருக்கா. மேஸ்திரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

படம் எடுத்தது கேரளாவுலேருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு லைன்மேன். அவங்க டீமுக்கு நாலு நாள் செல்விதான் மத்தியானச் சோறு. முதல் நாள் சாப்பிட உக்காந்ததும் அவரு, "சேச்சி, கொறச்சு வெள்ளம்"னாரு. இவ கரண்டியை அப்படியே போட்டுட்டு வாசலுக்கு ஓடி, "எங்க, எங்க வெள்ளம்?"னு ஆத்துப் பக்கம் பாக்கறா. அந்த மனுசன் கேட்டது குடிக்கத் தண்ணி! எங்க தெருவுல பத்து நாளுக்கப்புறம் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்ப எடுத்ததுதான் இது. கரண்டி அவ கையில, ஹெல்மெட் என் தலையில. பின்னாடி தெரியற தார்ப்பாய்தான் எங்க கூரை.

படம் 6. செப்டம்பர் 2020

ரெண்டு பேரும் மாஸ்க். கண்ணைப் பாத்தா செல்வி சிரிக்கறான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியலன்னா விடுங்க.

படம் 7. 2022, வீட்டு வாசல், வாக்கரோட

"ரெண்டு நிமிச வேலைதானே"ன்னு இடுப்புப் பெல்ட்டை மாட்டாம ஏறினேன். லைனை நிறுத்த எல்சி வாங்கி, எர்த் போட்டு, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். பெல்ட்டு மட்டும் வண்டியில கிடந்துச்சு. கால் வழுக்கிருச்சு. தொடையில பிளேட்டு, நாலு மாசம் படுக்கை. யார்மேலயும் தப்பில்ல, எம்மேலதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சுல பதினெட்டு ராத்திரி செல்வி உக்காந்தபடியே தூங்குனா. ஒரு நாள்கூடத் திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். திரும்ப டூட்டிக்குப் போற அன்னைக்குக் காலையில பாக்கறேன், என் பெல்ட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது. துணியால துடைச்சு வச்சிருக்கா. நான் மாட்டினதும் கிட்ட வந்து பக்கிளைப் புடிச்சு ரெண்டு தடவ வெடுக்குனு இழுத்துப் பாத்தா. "ம், போயிட்டு வாங்க"ன்னா.

அன்னையிலேருந்து தினம் இதுதான். சண்டை போட்டுப் பேசாம இருக்கற நாள்லயும் இழுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்புவா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இழுப்பா.

படம் 8. இன்னைக்குக் காலையில, 10.09.2025

கோயிலுக்குப் போயிட்டு வந்து டூட்டிக்குப் போலாம்னு ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லியிருந்தேன். செல்வி பரண்லேருந்து அந்தக் கூறைப்புடவையை இறக்கிக் கட்டியிருந்தா. மடிப்பு மடிப்பா இழை விட்டுப்போய், ரெண்டு எடத்துல மக தச்சுக் குடுத்திருக்கா. "குண்டாயிட்டேன், கொசுவம் பத்தல"ன்னா. எனக்கு ஒண்ணும் தெரியல, சொன்னேன். "உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு"ன்னா.

செருப்பு மாட்டற நேரத்துல போன். பெரியகோயில் தெருவுல மரக்கிளை விழுந்து லைன்ல ஜம்பர் ஒயர் போச்சு. செல்வி என் மூஞ்சியைப் பாத்தா, பூக்கூடையைத் திண்ணையில வச்சா, உள்ள போயிட்டா. கோவிச்சுக்கிட்டான்னுதான் நினைச்சேன். கையில பெல்ட்டோட வந்தா. "வேட்டியை மாத்திட்டு வாங்க, சாமி எங்கயும் போயிராது. கோயிலுக்கும் அந்தத் தெருலைன்தானே."

வாசல்ல நிக்க வச்சு மக எடுத்தது இது. நான் காக்கியில, அவ கூறையில. காலையில குடும்ப குரூப்புல போட்டதும் சித்தப்பா மக எழுதியிருக்கு, "25 வருசம் கழிச்சும் அண்ணி அண்ணன் இடுப்புல கை போட்டு நிக்கிறாங்களே"ன்னு.

பெருசு பண்ணிப் பாரும்மா. பக்கிளை இழுத்துக்கிட்டு இருக்கா. ரெண்டாவது இழுப்பு.